நாசா ஊழியர்களுக்கு வந்த கடிதம்

2018 டிசம்பர் 18 அன்று அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஊழியர்களுக்கு மனிதவளத் துறையிலிருந்து ஒரு கடிதம் போனது. ஊழியர் விவரங்கள் இருந்த சர்வரில் யாரோ புகுந்திருக்கலாம். சமூகப் பாதுகாப்பு எண்களும் பறிபோயிருக்கலாம் என்றது அது.

அந்த எண் கிடைத்தால் அடுத்தவர் பெயரில் கடன் வாங்க முயலலாம். பாஸ்வேர்டைப் போல நினைத்தவுடன் மாற்றவும் முடியாது.

கடிதத்தில் உருப்படியான வரி ஒன்று உண்டு. 2006 ஜூலை முதல் 2018 அக்டோபர் வரை பணியில் சேர்ந்தவர்கள், விலகியவர்கள், ஒரு மையத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியவர்கள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பதுதான் அது. ‘இதில் நான் உண்டா’ என்று படிப்பவர் அங்கேயே ஓரளவு கணித்துவிடலாம். பெயர்கள் உறுதியானதும், முன்னாள் ஊழியர்கள் உட்பட அனைவருக்கும் தனித்தனியே தகவல் தருவோம், அடையாளத் திருட்டிலிருந்து காக்கும் சேவையும் தருவோம் என்றார்கள்.

நாசா விசாரணையைத் தொடங்கியதோ அக்டோபர் 23. இடையில் எட்டு வாரம்! முன்பே தெரிந்திருந்தால், கடன் வரலாறு வைத்திருக்கும் மூன்று பெரிய நிறுவனங்களிடமும் ஊழியர்கள் தங்கள் பதிவை முடக்கச் சொல்லியிருக்கலாம். அதற்குக் கட்டணம் கூடாது என்ற சட்டம் அதே செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது.