மெதுவாக ஓடும்போது மட்டும் ஏன் உதறுகிறது?

கன்வேயர் முழு வேகத்தில் அலுங்காமல் ஓடுகிறது. வேகத்தைக் குறைத்ததும் மோட்டார் விட்டு விட்டு இழுக்கிறது. பேரிங்கையும் கியர் பெட்டியையும் கழற்றும் முன், டிரைவில் பதிந்திருக்கும் எண்களைப் பார்ப்பது நல்லது.

என்கோடர் இல்லாத வெக்டர் டிரைவுக்கு மோட்டாருக்குள் இருக்கும் காந்தப்புலம் நேராகத் தெரியாது. கணக்குப் போட்டுத்தான் அறிகிறது. தான் கொடுத்த வோல்டேஜிலிருந்து வைண்டிங்கின் மின்தடை விழுங்கியதைக் கழித்தால், மிச்சம் காந்தப்புலத்தைக் காட்டும். மின்தடை தவறாக இருந்தால் கணக்கே பிசகும்.

415 வோல்ட், 7.5 கிலோவாட் மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முழுச் சுமையில் சுமார் 15 ஆம்பியர்; ஒரு பேஸின் மின்தடை 0.7 ஓம் என்று கொள்ளலாம். அதைப் பட்டறை மேசையில் குட்டைக் கேபிளில் ஆட்டோ டியூனிங் செய்து, பிறகு 50 மீட்டர் தள்ளி, 4 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கேபிளில் மாட்டுகிறார்கள். கேபிள் 0.2 ஓமுக்குச் சற்று அதிகமாகச் சேர்க்கிறது. 15 ஆம்பியரில் அது 3 வோல்ட் பிழை. 50 ஹெர்ட்ஸில் ஒரு பேஸுக்கு 240 வோல்ட் இருப்பதால் அந்த 3 வோல்ட் தெரியவே தெரியாது. 1 ஹெர்ட்ஸில் காந்தப்புலத்தைக் காட்டும் வோல்டேஜே 5-க்குள்தான். அங்கே 3 வோல்ட் பிசகினால் டிரைவ் காந்தப்புலத்தின் திசையைத் தவறவிடுகிறது. முறுக்குவிசை ஏறி இறங்குகிறது, மோட்டார் உதறுகிறது.

இந்த மின்தடையை அளப்பது நிலை அளவீடு. ஏபிபி டிரைவின் திரையில் இது `Standstill`. தண்டு சுழலாமலே டிசி மின்னோட்டம் செலுத்தி மின்தடையையும், மாறும் வோல்டேஜ் கொடுத்து கசிவு இண்டக்டன்ஸையும் டிரைவ் பிடிக்கிறது. ஆனால் இரும்பைக் காந்தமாக்க எவ்வளவு மின்னோட்டம் வேண்டும் என்பதை, நிற்கும் மோட்டாரில் பெரும்பாலும் நேம் பிளேட்டை வைத்து ஊகிக்கவே முடியும். ரீவைண்டிங் ஆன மோட்டாரில் அந்த ஊகத்தை நம்புவது கடினம்.

சுழல் அளவீட்டில் கப்ளிங்கைக் கழற்றிவிட்டு மோட்டாரைச் சுமையின்றி ஓடவிடுகிறார்கள். அப்போது எடுக்கும் மின்னோட்டம் ஏறக்குறைய முழுவதும் காந்தமாக்கவே போகிறது. கியர் பெட்டியோடு சேர்த்து ஓட்டினால் உராய்வின் சுமையும் அதில் கலந்து, அளவு கெட்டுவிடும்.

கோளாறு எங்கே என்று பிரித்தறிய ஒரு வழி உண்டு. டிரைவை V/f முறைக்கு மாற்றி அதே வேகத்தில் சுமையில்லாமல் ஓட்டிப் பார்க்கலாம். உதறல் நின்றுவிட்டால் பேரிங்கை விட்டுவிட்டு எண்களைச் சந்தேகிக்கலாம். பிறகு மோட்டார் ஆறியிருக்கும்போது, நிஜக் கேபிளோடு மறுபடி டியூனிங் செய்ய வேண்டும், மின்தடை 0.9 ஓமை ஒட்டி வந்தால் கேபிளும் கணக்கில் சேர்ந்துவிட்டது.

அதற்குப் பிறகும் ஓர் எல்லை இருக்கிறது. வைண்டிங் 75 டிகிரி சூடேறினால் தாமிரத்தின் மின்தடை 30 சதவீதம் வரை கூடும். பல டிரைவுகள் வெப்பத்தைக் கணித்து இதை ஓரளவு திருத்துகின்றன. பூஜ்ஜியத்தை ஒட்டிய வேகத்தில் முழுச் சுமையோடு நெடுநேரம் ஓட வேண்டிய இடத்தில் என்கோடர் பொருத்துவதே சரி.