புது கார் டிஸ்ப்ளே: எந்த எண்ணை நம்பலாம், எதை மறைக்கலாம்?

சென்னைக்குப் போய்விட்டுத் திரும்பும் புதுச்சேரிக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வழியில் எவ்வளவு பெட்ரோல் பங்க் வந்தாலும், "நம்ம ஊர் எல்லை வந்ததும் போட்டுக்கலாம்" என்று தள்ளிப்போடுவார்கள். தமிழ்நாட்டைவிட இங்கே பெட்ரோல் விலை குறைவு என்பதுதான் காரணம். பழைய காரில் முள் சிவப்புக் கோட்டுக்கு வந்தால் பயம் வரும், போட்டுவிடுவோம். இப்போதைய கார்களில் ஸ்டீயரிங்குக்கு எதிரே இருக்கும் டிஜிட்டல் திரை, "இன்னும் 72 கிலோமீட்டர் ஓடும்" என்று எண்ணாகவே சொல்லிவிடுகிறது. புதிதாக ஓட்டுபவர்கள் அதை அப்படியே நம்பிவிடுகிறார்கள்.

அந்த 72 எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால், திரையில் எதை வைக்கலாம், எதை எடுக்கலாம் என்பது தானாகவே புரிந்துவிடும்.

நேற்று ஓடிய கணக்கு

டேங்கில் மீதமுள்ள பெட்ரோலை, கார் சமீபத்தில் கொடுத்த மைலேஜால் பெருக்கினால் கிடைப்பதுதான் 'ரேஞ்ச்' எண். இனி நீங்கள் போகப்போகும் சாலை எப்படிப்பட்டது என்பது அதற்குத் தெரியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஈ.சி.ஆரில் சீராக வந்த ஒரு கார் லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுத்திருக்கிறது. வீட்டு வாசலில் நிறுத்தும்போது டேங்கில் 4 லிட்டர் இருக்கிறது. திரை 72 என்று காட்டும். மறுநாள் அதே கார் நேரு வீதி, அண்ணா சாலை, ராஜீவ் காந்தி சிலை சிக்னல் என்று ஊருக்குள்ளேயே சுற்றுகிறது. மாலையில் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை என்பதால் சுற்றியுள்ள தெருக்களில் நெரிசல் வேறு. சிக்னலில் ஏ.சி.யோடு நிற்கும்போது ஒரு மீட்டர்கூட நகராமல் பெட்ரோல் மட்டும் செலவாகும். மைலேஜ் 12-க்கு இறங்கினால், அந்த 4 லிட்டரில் ஓடக்கூடியது 48 கிலோமீட்டர்தான். நேற்று பார்த்த 72-ல் 24 காணாமல் போய்விட்டது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. 10 கிலோமீட்டர் ஓடியதும் ரேஞ்ச் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பாருங்கள். 72 என்பது 62 ஆகியிருந்தால் சரி. 54 ஆகியிருந்தால், திரை பழைய கணக்கைத் திருத்திக்கொண்டிருக்கிறது, இன்னும் இறங்கும் என்று அர்த்தம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. அவசரத்துக்கு இரண்டு லிட்டர் போட்டால் பல கார்களில் ரேஞ்ச் மாறவே மாறாது. டேங்குக்குள் மிதக்கும் மிதவையை வைத்துத்தான் அளவு பார்க்கப்படுகிறது. பெட்ரோல் குலுங்கும்போதெல்லாம் எண் குதிக்காமல் இருக்க, சிறிய மாற்றங்களை கார் பொருட்படுத்தாது. சில கார்களின் கையேட்டில், 6 லிட்டருக்குக் குறைவாகப் போட்டால் பதிவாகாமல் போகலாம் என்றே எழுதியிருக்கும். சரிவில் நிறுத்தினாலும் எண் மாறும். பெட்ரோல் மிகவும் குறைந்தபிறகு எண் மறைந்து '---' என்று வரும் கார்களும் உண்டு. அது பழுது அல்ல. உடனே பங்க்கைத் தேட வேண்டும்.

இரண்டு ட்ரிப், இரண்டு வேலை

ரேஞ்சைவிட உண்மையான கணக்கைச் சொல்வது Trip A, Trip B என்ற இரண்டு மீட்டர்கள். இவற்றுக்குத் தனித்தனி வேலை கொடுத்துவிடுங்கள்.

Trip A பெட்ரோலுக்கு. ஒவ்வொரு முறை டேங்க் நிரப்பும்போதும் அதை பூஜ்ஜியமாக்குங்கள். பெரும்பாலான கார்களில் ட்ரிப் பட்டனையோ ஸ்டீயரிங்கில் உள்ள OK பட்டனையோ இரண்டு மூன்று நொடி அழுத்திப் பிடித்தால் போதும். அடுத்த முறை நிரப்பும்போது, ஓடிய தூரத்தைப் பில்லில் உள்ள லிட்டரால் வகுத்தால் உண்மையான மைலேஜ் வந்துவிடும். 411 கிலோமீட்டர் ஓடி, 30 லிட்டர் பிடித்தால் 13.7. திரை 14.4 என்று காட்டியிருந்தால், உங்கள் கார் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். இரண்டு முறையும் பங்க்கில் தானாக நிற்கும் வரை நிரப்பினால்தான் இந்தக் கணக்கு சரியாக வரும்.

Trip B பயணத்துக்கு. சென்னைக்குக் கிளம்பும்போது மட்டும் பூஜ்ஜியமாக்குங்கள். ஊருக்குள் ஓடியதும் ஈ.சி.ஆரில் ஓடியதும் கலக்காமல் இருக்கும்.

சராசரி மைலேஜை எப்போது பூஜ்ஜியமாக்க வேண்டும் என்று நீங்களே சொல்லும் வசதியும் ஹூண்டாய் போன்ற சில கார்களில் இருக்கிறது. செட்டிங்ஸில் Off, After ignition, After refueling என்று மூன்று தேர்வுகள் வரும். After ignition வைத்தால், வண்டியை அணைத்துவிட்டுச் சில மணி நேரம் கழித்துக் கிளப்பும்போது கணக்கு முதலிலிருந்து தொடங்கும். தெருமுனைக் கடை வரை போனதற்கும் ஒரு மைலேஜ் காட்டும். எஞ்சின் சூடாவதற்குள் முடிந்துவிடும் அந்தப் பயணத்தில் எண் மோசமாகத்தான் இருக்கும். புதியவர்களுக்கு After refueling நல்லது.

திரையில் என்ன இருக்க வேண்டும்?

வண்டியை நிறுத்தி, இக்னிஷனை மட்டும் ஆன் செய்துவிட்டு இந்த மாற்றங்களைச் செய்யுங்கள். ஓடும்போது செட்டிங்ஸ் பகுதியைத் திறக்கவே விடாத கார்களும் இருக்கின்றன.

நடுவில் வேகம் பெரிய எண்ணாக இருக்கட்டும். முள்ளைப் பார்த்து 50-ஆ 60-ஆ என்று யோசிக்கும் நேரம் மிச்சமாகும். கியர் வண்டி என்றால் ஆர்.பி.எம். மீட்டரையும் வைத்துக்கொள்ளுங்கள். கிளட்சை விடும்போது அது சட்டென்று இறங்கி வண்டி அதிர்ந்தால், அவசரப்பட்டு விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். ஆட்டோமேட்டிக் ஓட்டுபவர்களுக்கு அந்த மீட்டர் தேவையில்லை.

ஓரத்தில் Trip A தெரிந்தால் போதும். நொடிக்கு நொடி ஏறி இறங்கும் 'உடனடி மைலேஜ்' பட்டையை எடுத்துவிடலாம். ஆக்ஸிலேட்டரை விட்டால் உச்சத்துக்குப் போகும், மிதித்தால் விழும். புதிதாக ஓட்டுபவரின் கண்ணைச் சாலையிலிருந்து இழுப்பதைத் தவிர அதனால் பலன் இல்லை.

வேக எச்சரிக்கையை நாமே வைத்துக்கொள்ளும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். 2019 ஜூலைக்குப் பிறகு வந்த கார்கள் 80-ஐத் தாண்டினால் விட்டுவிட்டும், 120-ஐத் தாண்டினால் தொடர்ந்தும் ஒலி எழுப்பும். இது சட்டப்படி உள்ள வசதி, அணைக்க முடியாது. ஆனால் ஊருக்குள் ஓட்டுபவருக்கு 80 என்பது ரொம்பத் தாமதமான எச்சரிக்கை. 50-ல் ஒன்று வைத்துக்கொண்டால் பழகும் வரை உதவும்.

எந்தத் தோற்றத்தைத் தேர்ந்தெடுத்தாலும் எச்சரிக்கை விளக்குகள் மறையாது. இக்னிஷனை ஆன் செய்ததும் அவை மொத்தமாக எரிந்து, பெரும்பாலானவை சில நொடிகளில் அணையும். மற்றவை எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைந்துவிடும். அதன்பிறகும் சிவப்பில் ஏதாவது எரிந்தால் முதலில் ஹேண்ட் பிரேக்கையும் சீட் பெல்ட்டையும் பாருங்கள். அவை சரியாக இருந்தும் எரிந்தால் வண்டியை நகர்த்தாமல் கையேட்டைப் பாருங்கள்.

சென்னையிலிருந்து ஈ.சி.ஆரில் வரும்போது மரக்காணம் தாண்டி கனகசெட்டிக்குளத்தில் புதுச்சேரி தொடங்கும். காலாப்பட்டு முடிந்ததும் மறுபடி தமிழ்நாடு, கோட்டக்குப்பம் தாண்டினால் முத்தியால்பேட்டையில் திரும்பவும் புதுச்சேரி. குறைந்த விலைக்காகக் காத்திருப்பவர்கள் முதலில் வரும் காலாப்பட்டுப் பகுதியிலேயே நிரப்பிவிடலாம். அப்போது Trip A-வை பூஜ்ஜியமாக்க மறக்காதீர்கள்.