நடுங்கும் எஞ்சினும் நடுங்கும் கையும்

நிறுத்தத்தில் நிற்கும் பேருந்தின் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்பொழுது அதன் சன்னல் கம்பியைத் தொட்டுப் பாருங்கள். விரல்களில் ஓர் ஒழுங்கான அதிர்வு தெரியும். அந்தப் பேருந்தை ஒருவர் கையில் ஏந்திய கேமராவால் படம் எடுத்தால், படத்தில் இன்னொரு நடுக்கமும் சேரும். அது எஞ்சினுடையதன்று, எடுத்தவரின் கையினுடையது. இந்த இரண்டு நடுக்கங்களும் இயல்பில் வேறானவை. முதலாவது மீண்டும் மீண்டும் அதே பாதையில் வருவது. இரண்டாவது ஒருபோதும் அப்படியே திரும்பி வராதது.

கணினியில் இயங்குபடம் செய்பவர்கள் இவ்விரண்டையும் செயற்கையாக உண்டாக்க வேண்டியுள்ளது. ஏனெனில் கணினிக்குள் இருக்கும் பேருந்துக்கு எஞ்சின் கிடையாது. கணினிக்குள் இருக்கும் கேமராவுக்குக் கையும் கிடையாது. யாவரும் விலையின்றிப் பெறக்கூடிய பிளெண்டர் என்னும் மென்பொருளில் இதற்கென இரு கருவிகள் உள்ளன. ஒன்றன் பெயர் `Cycles`, மற்றதன் பெயர் `Noise`. அவை எவ்வாறு வேலை செய்கின்றன, அவற்றுக்குப் பின்னால் உள்ள இயற்பியல் யாது என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வழியே காண்போம்.

வளைகோடு என்பது என்ன?

இயங்குபடத்தில் ஒரு பொருள் அசைகிறது என்றால், அதன் இருப்பிடத்தைக் குறிக்கும் ஓர் எண் காலத்தோடு மாறுகிறது என்று பொருள். காலத்தைக் கிடை அச்சிலும் அந்த எண்ணைச் செங்குத்து அச்சிலும் வைத்து வரைந்தால் ஒரு வளைகோடு கிடைக்கும். ஓவியர் சில புள்ளிகளை மட்டும் குறிக்கிறார். இவற்றைக் கீ பிரேம் என்பர். இடைப்பட்ட பகுதியைக் கணினி நிரப்பிக்கொள்கிறது. `Cycles`, `Noise` ஆகியவை இந்த வளைகோட்டின்மேல் ஏற்றி வைக்கப்படும் மாடிஃபையர்கள். அவை கீ பிரேம்களை அழிப்பதில்லை. வளைகோட்டிலிருந்து வெளிவரும் மதிப்பை மட்டும் மாற்றுகின்றன.

எஞ்சினின் கணக்கு

நான்கு சிலிண்டர்களும் நான்கு வீச்சுகளும் கொண்ட ஓர் எஞ்சின், நிமிடத்துக்கு 600 சுற்று வேகத்தில் சும்மா ஓடுவதாகக் கொள்வோம். இத்தகைய எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை எரிபொருள் எரிகிறது. ஆகவே நான்கு சிலிண்டர்களிலும் சேர்ந்து ஒரு சுற்றுக்கு இரண்டு எரிப்புகள், நிமிடத்துக்கு 1200 எரிப்புகள், வினாடிக்கு 20. அதாவது அதிர்வெண் 20 ஹெர்ட்ஸ்.

திரைப்படமோ வினாடிக்கு 24 படச்சட்டங்களைத்தான் காட்டுகிறது. ஓர் அலையைத் தவறின்றிப் பதிவு செய்ய, ஓர் அலைவுக்கு இரண்டுக்கு மேற்பட்ட மாதிரிகள் வேண்டும். ஆகவே 24 சட்டங்களால் 12 ஹெர்ட்ஸுக்குக் கீழான அதிர்வுகளையே உள்ளவாறு காட்ட முடியும். 20 ஹெர்ட்ஸ் அதிர்வு என்னவாகும்? ஒரு சட்டத்துக்கும் அடுத்த சட்டத்துக்கும் இடையில் அது ஓர் அலைவில் ஆறில் ஐந்து பங்கை முடித்துவிடுகிறது. நமது கண்ணுக்கோ அது ஆறில் ஒரு பங்கு பின்னே சென்றதுபோலத் தோன்றும். ஆகவே திரையில் தெரிவது ஆறு சட்டங்களுக்கு ஒரு முறை நிகழும் அதிர்வு, அதாவது 4 ஹெர்ட்ஸ். திரைப்படங்களில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதும் இதே காரணத்தால்தான்.

அதே எஞ்சின் நிமிடத்துக்கு 720 சுற்று ஓடினால் அதிர்வெண் சரியாக 24 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். ஒவ்வொரு சட்டத்திலும் அலை அதே இடத்தில் பிடிபடும். எஞ்சின் அசையாமல் நிற்பதாகவே தோன்றும்!

சுழற்சியை அமைத்தல்

இப்போது பேருந்தின் `Location Z` வளைகோட்டில் மூன்று கீ பிரேம்கள் வைப்போம். 1-ஆம் சட்டத்தில் +0.002, 4-ஆம் சட்டத்தில் −0.002, 7-ஆம் சட்டத்தில் மீண்டும் +0.002. அலகு மீட்டர், ஆகவே வீச்சு 2 மில்லிமீட்டர். பின்பு வளைகோட்டுப் பலகையில், பக்கத்திலுள்ள `Modifiers` பகுதியில் `Cycles` சேர்த்துவிட்டால், இந்த ஆறு சட்ட அசைவு முடிவின்றித் தொடரும். 1 முதல் 7 வரை ஏழு சட்டங்கள் இருக்க, அலைவு நேரம் எப்படி ஆறு என்று நீங்கள் கேட்கலாம். 7-ஆவது சட்டம் அடுத்த சுற்றின் முதற்சட்டமே. அதனால்தான் முதற்புள்ளியும் கடைசிப் புள்ளியும் ஒரே மதிப்பைக் கொண்டிருக்க வேண்டும். அவை வேறுபட்டால் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் பேருந்து துள்ளும். சுற்று முறையை `Repeat with Offset` என மாற்றினால் துள்ளாது. ஆனால் வேறுபாடு சுற்றுக்குச் சுற்றுச் சேர்ந்து, பேருந்து மெல்ல மேலேறிக்கொண்டே போகும். உருளும் சக்கரத்துக்கு அம்முறை பொருந்தும். நிற்கும் பேருந்துக்குப் பொருந்தாது.

ஓர் எச்சரிக்கை. வேகமான நடுக்கம் வேண்டுமென்று அலைவு நேரத்தை இரண்டு சட்டங்களாகக் குறைப்பவர்கள், மேடும் பள்ளமும் எங்கே விழுகின்றன என்பதைப் பார்க்க வேண்டும். அவை 1.5, 2.5 என்று சட்டங்களுக்கு நடுவே விழுந்தால், ஒவ்வொரு முழுச் சட்டத்திலும் மதிப்பு சுழியாகவே இருக்கும். வளைகோடு அலைபாய்வது பலகையில் தெரியும், படமோ அசையாது.

இன்னும் நேர்மையான வழி ஒன்றும் உண்டு. கீ பிரேம்களை 1, 1.6, 2.2 ஆகிய இடங்களில் வைத்தால் அலைவு நேரம் 1.2 சட்டம், அதாவது உண்மையான 20 ஹெர்ட்ஸ் ஆகும். முழுச் சட்டங்களில் கிடைக்கும் மதிப்புகள் முன்போலவே ஆறுக்கொரு முறை திரும்பும். ஆனால் `Motion Blur` வசதியை இயக்கினால் கணினி சட்டத்துக்குள்ளும் அசைவைக் கணக்கிடும். அரைச் சட்ட நேரம் திறந்திருக்கும் கேமரா வாயிலில் அந்த அலை ஏறத்தாழ 0.4 சுற்றை முடிப்பதால் விளிம்புகள் சற்றுக் கலங்கித் தெரியும். உண்மையான கேமராவும் இவ்வாறே பதிவு செய்யும்.

வீச்சு போதுமா என்பதையும் கணக்கிட்டுவிடலாம். 36 மில்லிமீட்டர் அகலமுள்ள உணரியும் 35 மில்லிமீட்டர் லென்சும் உள்ள கேமரா, 1920 புள்ளி அகலப் படம் எடுக்கிறது என்போம். குவியத் தூரத்தைப் புள்ளிகளில் சொன்னால் 1920 × 35 ÷ 36, அதாவது சுமார் 1867. கேமராவுக்கு 1 மீட்டர் தொலைவிலுள்ள பக்கக் கண்ணாடி 2 மில்லிமீட்டர் அசைந்தால் படத்தில் 3.7 புள்ளி நகரும், நன்றாகத் தெரியும். அதே பேருந்து 10 மீட்டர் தொலைவில் நின்றால் 0.4 புள்ளிகூட நகராது. அங்கே உழைப்பு முழுதும் வீண்.

திரும்பி வராத நடுக்கம்

கையின் நடுக்கத்துக்குச் சுழற்சி உதவாது. எவ்வளவு நீளமான அசைவைத் திரும்பத் திரும்ப ஓட்டினாலும், சில சுற்றுகளில் கண் அந்த ஒழுங்கைக் கண்டுபிடித்துவிடும். ஒவ்வொரு சட்டத்துக்கும் பகடை உருட்டி ஓர் எண்ணை எடுத்தாலும் பயனில்லை. கைக்கு நிறை உண்டு. அதனால் ஒரு சட்டத்தில் இங்கும் அடுத்ததில் அங்குமாகத் தாவ முடியாது. தற்செயலாகவும் இருக்க வேண்டும். தொடர்ச்சியாகவும் இருக்க வேண்டும். 1982-இல் வெளிவந்த ‘ட்ரான்’ திரைப்படத்தில் பணியாற்றிய கென் பெர்லின் இத்தகைய வழவழப்பான இரைச்சலை உருவாக்கி 1985-இல் வெளியிட்டார். இதற்காக 1997-இல் அமெரிக்கத் திரைப்படக் கழகத்தின் தொழில்நுட்ப விருது அவருக்குக் கிடைத்தது. `Noise` மாடிஃபையர் தருவதும் இவ்வகை இரைச்சலே.

அதில் மூன்று எண்கள் முதன்மையானவை. `Scale` என்பது மாற்றம் எவ்வளவு மெதுவாக நிகழ்கிறது என்பதைச் சட்டக் கணக்கில் சொல்வது. `Strength` என்பது வீச்சு. `Phase` என்பது எந்தத் தற்செயல் வரிசையை எடுப்பது என்பதற்கான எண்.

கேமராவின் இருப்பிடத்தைவிட அதன் கோணத்தை நடுக்குவதே பயன் தரும். கேமரா 1 சென்டிமீட்டர் நகர்ந்தால் 5 மீட்டர் தொலைவுப் பொருள் 3.7 புள்ளிதான் அசையும். தொலைவிலுள்ள மலை அசையவே அசையாது. கோணம் மாறினாலோ மலையும் மரமும் சேர்ந்தே அசையும். கோண வளைகோட்டில் `Strength` ரேடியனில் கொள்ளப்படுகிறது. அது தொடக்கத்தில் 1 என்றே இருக்கும். இரைச்சலின் எல்லை −0.5 முதல் +0.5 வரை என்பதால் கேமரா இருபுறமும் 28 பாகைக்கு மேல் ஆடக்கூடும்! நாம் 0.02 என வைப்போம். எல்லை 0.01 ரேடியன், அதை 1867-ஆல் பெருக்கினால் சுமார் 19 புள்ளி. இது உடல் ஆடும் அளவுக்குப் பொருந்துகிறது. அதற்கு `Scale` 40 போதும். அது ஒன்றரை வினாடிக்குச் சற்று மேல். இதன்மேல் இரண்டாவது `Noise` ஒன்றை, `Scale` 3, `Strength` 0.003 என ஏற்றுவோம். மனிதக் கையின் இயற்கை நடுக்கம் 8 முதல் 12 ஹெர்ட்ஸ் வரை உள்ளது. அந்தச் சிறு துடிப்பை இது ஏறத்தாழக் காட்டும். 100 மில்லிமீட்டர் லென்சுக்கு மாறினால் இதே கோணம் படத்தை ஏறக்குறைய மூன்று மடங்கு அசைக்கும். ஆகவே `Strength`-ஐ மூன்றில் ஒன்றாகக் குறைக்க வேண்டும்.

பிழைகளைக் கண்டறிதல்

படம் ஒரே மூலைவிட்டக் கோட்டில் மட்டும் ஆடுகிறதா? மேல்கீழ் அசைவுக்கும் பக்கவாட்டு அசைவுக்கும் ஒரே `Phase` உள்ளது. இரண்டும் ஒரே எண்களைப் பெறுவதால் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன. ஒன்றில் 1, மற்றதில் 7 என மாற்றினால் சரியாகும்.

கேமரா நடுங்குவதோடு ஒரு பக்கமாகவும் சாய்ந்துவிட்டதா? `Blend Type` என்பது `Add` ஆக இருக்கும். அந்த முறையில் இரைச்சல் 0 முதல் 1 வரை மட்டுமே செல்வதால் சராசரி ஒரு புறம் நகர்கிறது. `Replace` முறையோ, பெயர் எப்படியிருப்பினும், நடுக்கோட்டின் இருபுறமும் சமமாக ஆடும் இரைச்சலையே வளைகோட்டோடு கூட்டுகிறது.

எஞ்சினும் முற்றிலும் ஒரே சீராக ஓடுவதில்லை. பேருந்தின் வளைகோட்டில் `Cycles`-க்கு மேலே `Strength` 0.001 கொண்ட ஒரு `Noise` வைத்தால் அரை மில்லிமீட்டர் தடுமாற்றம் சேரும். `Cycles` எப்பொழுதும் அடுக்கின் முதலிடத்தில்தான் நிற்க முடியும். சுழற்சி முதலில் நடந்து, இரைச்சல் அதன்மேல் விழுகிறது.

இரைச்சலுக்கு ஒரு வரம்பும் உண்டு. முடிந்தவுடன் முதலிலிருந்து ஓட வேண்டிய படத்தில், இரைச்சலின் கடைசி மதிப்பு முதல் மதிப்போடு சேராமல் ஒரு துள்ளல் தெரியும். `Restrict Frame Range` வசதியால் இரைச்சலை இரு முனைகளிலும் மெல்ல ஒடுக்கிவிட்டால் துள்ளல் மறையும். ஆனால் அந்தச் சில சட்டங்களுக்குக் கை நடுங்காமல் நிற்கும். கூர்ந்து பார்ப்பவர் அதைக் கண்டுகொள்வார்.