பளபளப்புக்குக் கீழே இருக்கும் பித்தளை

ஹார்டுவேர் கடையில் வரிசையாக மாட்டியிருக்கும் குழாய்களில் எது நாலு வருடத்தில் போகும், எது இருபது வருடம் உழைக்கும் என்பதைப் பளபளப்பை வைத்துச் சொல்ல முடியாது. அந்தப் பளபளப்பைத் தருவது குரோமியம். வீட்டுக் குழாயில் அதன் கனம் ஏறக்குறைய கால் மைக்ரான்தான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். அவ்வளவு மெல்லிய பூச்சு அழகுக்கும் கீறல் விழாமல் இருப்பதற்கும் உதவும், அரிப்பைத் தடுக்காது. அந்த வேலையைச் செய்வது குரோமியத்துக்குக் கீழே இருக்கும் நிக்கல். நல்ல குழாயில் நிக்கல் 8 முதல் 10 மைக்ரான் வரை இருக்கும். மலிவான குழாயில் செலவைக் குறைக்க முதலில் கை வைப்பது இந்த நிக்கலில்தான். அது மெலிந்தால் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக ஈரம் பித்தளையைத் தொடும். கொஞ்ச நாளில் பச்சைப் புள்ளிகள் தெரியும், அப்புறம் பூச்சு கொப்புளித்து உரியும்.

கடையில் நின்றுகொண்டு மைக்ரானை அளக்க முடியாது. ஆனால் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. குழாயின் உடம்பும் மூக்கும் சேரும் உள்மடிப்பை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மின்முலாம் பூசும்போது மேடான இடத்தில் உலோகம் அதிகமாகப் படியும், பள்ளமான இடத்தில் குறைவாகப் படியும். மற்ற இடமெல்லாம் நீலம் கலந்த வெள்ளையாக மின்ன, மடிப்பில் மட்டும் லேசான மஞ்சள் சாயல் தெரிந்தால், அங்கே குரோமியம் எட்டவில்லை, வெறும் நிக்கல்தான் இருக்கிறது என்று பொருள். மடிப்பிலேயே அவசரம் காட்டியவர்கள் மற்ற இடத்திலும் காட்டியிருப்பார்கள் என்பது என் கணிப்பு.

நல்ல முலாமையும் நாமே கெடுக்கிறோம். பாத்ரூம் தரையில் ஊற்றும் ஆசிட் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது குரோமியத்தைக் கரைத்துவிடும். குழாயில் படாவிட்டாலும், கதவைச் சாத்திய பாத்ரூமில் அதன் ஆவியே போதும். குழாயைத் துடைக்கச் சோப்புத் தண்ணீரும் துணியும் போதும்.

முலாம் போனால் அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். பித்தளை போனால் சுவரை உடைக்க வேண்டி வரும். ஆகவே ஆயுளைப் பொறுத்தவரை நான் முதலிடம் தருவது பித்தளைக்கு. குழாய்ப் பித்தளையில் செம்பு சுமார் 58 சதவீதம், கடைசலுக்கு இளகிக் கொடுப்பதற்காக ஈயம் 2 சதவீதத்தை ஒட்டி, மீதி துத்தநாகம். குஜராத்தின் ஜாம்நகர் போன்ற பித்தளைத் தொழில் ஊர்களில் பழைய பித்தளையை உருக்கித்தான் பெரும்பகுதி வேலை நடக்கிறது. பழையதை உருக்குவதில் தப்பில்லை. உருக்கிய பின் செம்பு எவ்வளவு, இரும்பு எவ்வளவு என்று சோதித்துச் சரிசெய்யாமல் அச்சில் ஊற்றுவதில்தான் தப்பு. அப்படி வார்த்த உடம்பில் ஊசித்துளைகளும் வரும், சுற்றுச்சுவர் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும்.

உப்பு மிகுந்த போர் தண்ணீர் பித்தளையிலிருந்து துத்தநாகத்தை மட்டும் கரைத்து எடுத்துக்கொண்டு போகும். மிஞ்சுவது கடற்பஞ்சு மாதிரி துளைத்துப்போன செம்பு. வெளியே பார்க்க வடிவம் அப்படியே இருக்கும், பலம் இருக்காது. குழாயை மாற்றலாம் என்று பிளம்பர் ரெஞ்சு போட்டுத் திருப்புவார், மரை ஒடிந்து சுவருக்குள் இருக்கும் எல்போவிலேயே தங்கிவிடும். ஒடிந்த இடத்தைப் பாருங்கள்: மஞ்சளாக இல்லாமல் செங்கல் நிறத்தில் இருந்தால் துத்தநாகம் போய்விட்டது. ஒடிவதற்கு முன்னாலேயே, மரை சுவரைத் தொடும் இடத்தில் வெள்ளையாகப் பொங்கிய மாவு படிந்திருக்கும். துடைத்த பிறகும் அதே இடத்தில் திரும்ப வந்தால் குழாயை மாற்ற நாள் பார்க்க வேண்டியதுதான். துத்தநாகம் கரையாத பித்தளையும் உண்டு. அதில் செம்பு 62 சதவீதம் வரை இருக்கும், துளி ஆர்சனிக்கும் சேர்த்திருப்பார்கள். கடற்கரை ஊர்களிலும் உப்பு போர் இருக்கும் வீடுகளிலும் அதற்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு வீண் போகாது.

பித்தளையே இல்லாத குழாய்களும் விற்கிறார்கள். துத்தநாகக் கலவையில் வார்த்து முலாம் பூசினால் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. காந்தம் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை, இரண்டிலும் ஒட்டாது. சுவருக்குள் போகும் வாய்க்குள் எட்டிப் பாருங்கள். கடைந்த இடம் மஞ்சளாக இருந்தால் பித்தளை, சாம்பல் நிறமாக இருந்தால் வேண்டாம். திருகும் கைப்பிடி மட்டும் துத்தநாகக் கலவையில் இருந்தால் பரவாயில்லை, அதற்குள் தண்ணீர் நிற்பதில்லை. உடம்பில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்: பழைய மாதிரித் திருகு குழாய்க்கு ஐ.எஸ். 781, அலங்காரக் குழாய்க்கு ஐ.எஸ். 8931.

உடம்பு சரியாக அமைந்துவிட்டால் உள்ளே இருப்பதை மாற்றிக்கொண்டே போகலாம். அதில் இரண்டு வகை. பழைய வகையில் கைப்பிடியைப் பல சுற்று திருகினால் ஸ்பிண்டில் இறங்கி, ரப்பர் வாஷரைப் பித்தளை இருக்கையின்மேல் அழுத்தும். வாஷர் சில ரூபாய்தான், தெருமுனைக் கடையிலும் கிடைக்கும். மண் வந்தால் வாஷர் கொஞ்சம் இடம் கொடுக்கும். ஆனால் சொட்டும் குழாயை இறுக்கி இறுக்கி மாதக்கணக்கில் ஓட்டினால், கசியும் தண்ணீர் இருக்கையிலேயே கோடு கிழித்துவிடும். புது வாஷர் போட்டும் சொட்டினால், தண்ணீரை அடைத்துவிட்டு உள்ளே சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பாருங்கள், பள்ளம் தட்டுப்படும். இருக்கையைச் சீவி மட்டமாக்கும் கருவி உண்டு. அது கையில் இருக்கும் பிளம்பரைத் தேடிப்பிடிக்க வேண்டும்.

கால் சுற்றில் திறக்கும் புது வகையில் ரப்பருக்குப் பதில் இரண்டு பீங்கான் வில்லைகள். அலுமினாவை அழுத்திச் சுட்டு, இடையில் தண்ணீர் புகாதபடி மட்டமாக மெருகேற்றியவை. தேய்மானம் மிகக் குறைவு என்பதால் சுத்தமான தண்ணீரில் பல வருடம் தொடவே வேண்டாம். எதிரி மணலும் உப்புப் படிவும்தான்.

போர் தண்ணீர் வரும் சமையலறையில் இப்படிப்பட்ட குழாய் ஒன்று சொட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரை அடைத்து, கைப்பிடியின் மூடியையும் ஸ்க்ரூவையும் கழற்றி, கீழே உள்ள நட்டை விட்டால் கார்ட்ரிட்ஜ் முழுசாக வெளியே வரும். அதன் அடியில் இருக்கும் ரப்பர் வளையத்தை முதலில் பாருங்கள். பல நேரம் வில்லைகள் நன்றாக இருக்கும், இந்த வளையம்தான் நசுங்கியிருக்கும். வில்லையில் வெள்ளைப் படிவு இருந்தால் கார்ட்ரிட்ஜை வினிகரில் ஊறவையுங்கள், பெரும்பாலும் கரைந்துவிடும். நகத்துக்குத் தட்டுப்படும் கீறல் இருந்தால் வில்லையைச் சரிசெய்ய வழியில்லை, கார்ட்ரிட்ஜையே மாற்ற வேண்டும். புதியதைப் போடுவதற்கு முன் வாளியைப் பிடித்து வெறும் லைனைக் கொஞ்ச நேரம் திறந்துவிடுங்கள். குழாயில் தங்கிய மணல் வெளியேறாவிட்டால் முதல் நாளே புது வில்லையையும் கீறிவிடும்.

ஆகவே மணல் வரும் போரிலிருந்து நேராக ஓடும் தோட்டத்துக் குழாய்க்கு நான் வாஷர் வகையையே சொல்வேன். தொட்டியில் மண் அடங்கி வரும் தண்ணீருக்குப் பீங்கான் வகை. ஆனால் கார்ட்ரிட்ஜ்கள் எல்லாம் ஒரே அளவல்ல. கைப்பிடி மாட்டும் தண்டில் ஒன்றில் 20 பல் இருக்கும், மற்றொன்றில் 24. நீளமும் மாறும். குழாய் வாங்கும்போதே அதன் கார்ட்ரிட்ஜ் தனியாகக் கிடைக்குமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். கிடைக்கும் என்றால் கையோடு ஒன்று கூடுதலாக வாங்கி வையுங்கள். கிடைக்காது என்றால், பித்தளை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்தக் குழாயின் ஆயுள் உள்ளே இருக்கும் வில்லையின் ஆயுளோடு முடிந்துவிடும்.