யோகா ஆசிரியரின் அறிமுகக் குறிப்பு

யோகா ஆசிரியரின் அறிமுகக் குறிப்பு மூன்று விஷயங்களைச் சொன்னால் போதும்: என்ன படித்தார், எவருக்குக் கற்றுத் தருகிறார், வகுப்பு எப்படி நடக்கும். படிக்க வருபவரின் நோய் என்னவாகும் என்பது அதில் சேராது.

தகுதியைச் சொல்லும்போது சான்று வழங்கியவர், நிலை, ஆண்டு மூன்றும் வேண்டும். இந்தியாவில் ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் இயங்கும் யோகா சான்றளிப்பு வாரியம் தேர்வு நடத்தி, பல நிலைகளில் சான்றிதழ் தருகிறது. அமெரிக்காவின் யோகா அலையன்ஸ் வேறு வகை. ஆர்.ஒய்.டி. 200 என்பது, அது ஏற்றுக்கொண்ட பள்ளியில் 200 மணி நேரப் பயிற்சி முடித்து அதன் பதிவேட்டில் இடம்பெற்றதைக் குறிக்கும். சான்றிதழ் தருவது பயிற்சிப் பள்ளிதான். ஆகவே பள்ளியின் பெயரை விட்டுவிட்டு 'சர்வதேசச் சான்றிதழ் பெற்றவர்' என்று மட்டும் எழுதினால், படிப்பவரால் எதையும் சரிபார்க்க முடியாது.

மதுரையில் வகுப்பு நடத்தும் ஒருவர் இப்படி எழுதுவதாக வைத்துக்கொள்வோம்: 'சர்வதேசச் சான்றிதழ் பெற்ற யோகா நிபுணர். சர்க்கரை நோய், முதுகுவலி, மன அழுத்தம் மூன்று மாதத்தில் குணமாகும்.' இரண்டாவது வாக்கியம் முழுவதும் சிகிச்சை வாக்குறுதி. 'குணமாகும்' என்பதைக் 'குணமாகலாம்' என்று மாற்றினாலும், 'என் மாணவர் ஒருவருக்குச் சர்க்கரை குறைந்தது' என்று எழுதினாலும் படிப்பவர் மனத்தில் பதிவது அதே வாக்குறுதிதான். 'மருத்துவரைக் கேட்டு வரவும்' என்று கடைசியில் சேர்ப்பதும் அதை ரத்து செய்யாது. தவறான விளம்பரங்களைத் தடுக்கும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருள்களோடு சேவைகளுக்கும் பொருந்தும்.

அதே குறிப்பைத் திருத்தினால் இப்படி வரும்: 'யோகா சான்றளிப்பு வாரியத்தின் யோகா வெல்னஸ் இன்ஸ்ட்ரக்டர் சான்றிதழ், 2021. ஹட யோகம் கற்பிக்கிறார். புதிதாகத் தொடங்குபவர்களுக்கும் தரையில் உட்கார முடியாதவர்களுக்கும் தனி வகுப்பு உண்டு. நாற்காலி, கட்டை, பெல்ட் பயன்படுத்தப்படும். ஒரு வகுப்பில் பத்துப் பேர், அறுபது நிமிடம், தமிழில். அனுமதி கேட்காமல் தொட்டுத் திருத்துவதில்லை. அறுவை சிகிச்சை செய்தவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரின் ஒப்புதலோடு வரலாம்.'

இதில் வரும் ஒவ்வொரு வாக்கியத்தையும் சான்றிதழைப் பார்த்தோ, ஒரு நாள் வகுப்புக்குப் போயோ சரிபார்க்க முடியும். முழங்கால் வலியுள்ளவருக்கு, வலி போகும் என்ற வாக்குறுதியைவிட நாற்காலி வகுப்பு இருக்கிறது என்ற தகவலே முடிவெடுக்க உதவும்.

'யோகா தெரபிஸ்ட்' என்ற பட்டத்துக்குத் தனிப் பயிற்சியும் தனிச் சான்றும் உண்டு. அவை இல்லாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது. சேர வருபவர்களும் சான்றிதழில் எந்த நிலை எழுதியிருக்கிறது என்று கேட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுவது நல்லது.