பழைய வேலையும் புதிய படிப்பும் சேரும் இடம்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் படிப்புக்கு அனுப்பப்படும் விண்ணப்பக் கோப்பில் மதிப்பெண் பட்டியல் இருக்கும், தன்விவரக் குறிப்பு இருக்கும், பேராசிரியரோ மேலதிகாரியோ எழுதிய பரிந்துரைக் கடிதங்கள் இருக்கும். ஒருவர் என்ன படித்தார், எங்கே வேலை பார்த்தார், அவரைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதெல்லாம் அவற்றிலேயே தெரிந்துவிடும். இவ்வளவும் செய்தவர் இப்போது ஏன் இந்தப் படிப்பைக் கேட்கிறார், முடித்துவிட்டு என்ன செய்யப்போகிறார் என்ற கேள்விகளுக்கு மட்டும் அங்கே பதில் கிடைக்காது. அந்தப் பதிலை விண்ணப்பதாரரே எழுதித் தரும் இடம்தான் ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்ப்பஸ். மாணவர்கள் சுருக்கமாக எஸ்.ஓ.பி. என்பார்கள். ஜெர்மனியில் ஏறக்குறைய இதே வேலையை மோட்டிவேஷன் லெட்டர் செய்கிறது. பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு பக்கம்.

இது வாழ்க்கைக் கதை எழுதும் இடம் அல்ல. அமெரிக்காவில் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் இந்த வேறுபாட்டை வெளிப்படையாகவே வைத்திருக்கிறது. அங்கே படிப்பின் நோக்கத்துக்கு ஓர் உரையும், சொந்த வரலாற்றுக்கு வேறோர் உரையும் தனித்தனியாகக் கேட்பது வழக்கம். ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட், வளரும் நாடுகளின் பணியாளர்களுக்காக எபோஸ் என்ற உதவித்தொகைத் திட்டத்தை நடத்துகிறது. அதற்கு விண்ணப்பிக்கக் குறைந்தது 2 ஆண்டு பணி அனுபவம் வேண்டும்; கடிதமும் விண்ணப்பதாரர் இப்போது பார்க்கும் வேலையைத் தொட்டுத்தான் பேச வேண்டும். பிரிட்டனின் செவனிங் உதவித்தொகை, எதிர்காலப் பணித் திட்டத்தைத் தனிக் கேள்வியாகவே கேட்கும். நாட்டுக்கு நாடு வடிவம் மாறினாலும், செய்த வேலைக்கும் செய்யப்போகும் வேலைக்கும் நடுவே ஒரு பாதை இருக்கிறதா என்பதைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள்.

அந்தப் பாதை எப்படி உருவாகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்பதே நல்லது. சென்னையில் ஒரு பொறியியல் ஆலோசனை நிறுவனத்தில் மழைநீர் வடிகால் வடிவமைக்கும் இளம் சிவில் பொறியாளர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆள் கற்பனை. வேலை, அந்தத் துறையில் அன்றாடம் நடப்பது. நீர்வளப் பொறியியலில் முதுநிலை படிக்க அவர் விண்ணப்பிக்கிறார். அவருடைய முதல் வரைவு இப்படித் தொடங்குகிறது: சிறு வயதிலிருந்தே தண்ணீரின் மீது ஆர்வம், 2015 வெள்ளம் மனத்தை உலுக்கியது, 2 ஆண்டுகளாகப் பல வடிகால் திட்டங்களில் பணியாற்றிச் சிறந்த அனுபவம் பெற்றாயிற்று, உலகப் புகழ்பெற்ற உங்கள் பல்கலைக்கழகத்தில் படித்து, சென்னையின் வெள்ளப் பிரச்சினைக்குத் தீர்வு காண விருப்பம்.

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அவர் மேசையில் உண்மையாக என்ன நடந்தது என்பது ஒரு வரியில்கூட வரவில்லை. சென்னையில் சிவில் படித்த வேறு யாரும் இதே பத்தியில் தம் பெயரைப் போட்டுக்கொள்ளலாம்.

அவர் உண்மையில் செய்தது என்ன? தாழ்வான ஒரு குடியிருப்புப் பகுதிக்கு வடிகால் அளவு கணக்கிட்டார். இந்தத் துறையில் வழக்கமாகப் பயன்படும் சூத்திரம் எளிமையானது:

```
Q = C × i × A / 360
```

A என்பது ஹெக்டேரில் பரப்பு, i என்பது மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் மழை, C என்பது பெய்த மழையில் எவ்வளவு பங்கு ஓடி வரும் என்ற விகிதம். 40 ஹெக்டேர் பரப்பு, மணிக்கு 60 மில்லிமீட்டர் மழை, விகிதம் 0.7 என்றால் நொடிக்குச் சுமார் 4.7 கன மீட்டர் தண்ணீர் வரும். அதைக் கொண்டுசெல்லும் அளவுக்கு வடிகால் வரையப்பட்டது, கட்டப்பட்டது. அடுத்த பருவமழையில் கணக்கிட்டதைவிடக் குறைவான மழைக்கே தெருவில் தண்ணீர் நின்றது.

காரணம் தேடியபோது வடிகாலின் கடைசி முனைக்குப் போய்ப் பார்த்தார். அது சேரும் சதுப்பு நிலத்தில் நீர்மட்டம் ஏற்கெனவே உயர்ந்திருந்தது. வெளியேற வழியில்லாத தண்ணீர் வடிகாலுக்குள்ளேயே பின்வாங்கி நின்றது. மேலே சொன்ன சூத்திரம் எவ்வளவு தண்ணீர் வரும் என்று மட்டுமே சொல்லும். போய்ச்சேரும் இடத்தின் மட்டத்தைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை இலவசமாகத் தரும் SWMM என்ற மென்பொருளில் அவர் அதே வடிகால் வலையை மறுபடி அமைத்தார். கடைசி முனையில் சதுப்பு நிலத்தின் நீர்மட்டத்தைக் கொடுத்துப் பார்த்தபோது, தண்ணீர் நின்ற அதே சந்திப்புகள் கணினியிலும் நிரம்பின. ஆனால் தெருவுக்கு ஏறிய தண்ணீர் எந்தப் பக்கம் பரவும், எவ்வளவு நேரம் நிற்கும் என்று அந்த மாதிரியால் அவருக்குச் சொல்ல முடியவில்லை. அதற்கு நிலத்தின் மேல் ஓடும் நீரை இரு பரிமாணத்தில் கணக்கிட வேண்டும், அதை வடிகாலுக்குள் ஓடும் நீரோடு இணைக்க வேண்டும். அந்தக் கணிதத்தை அவர் இளநிலையில் படிக்கவில்லை.

அவருடைய எஸ்.ஓ.பி.யின் நடு அச்சு இதுதான். கையிலிருந்த அறிவு எந்த இடத்தில் போதாமல் நின்றதோ அந்த இடத்தை எழுதிவிட்டால், முன்னும் பின்னும் தாமாகவே ஒழுங்குபடும். அதற்கு முன்னால் வருவது செய்த வேலை. அதற்குப் பின்னால் வருவது, போதாததைத் தரக்கூடிய பாடங்கள், அவற்றைக் கற்றபின் செய்யப்போகும் வேலை. ஆகவே எழுதத் தொடங்குகிறவர் முதல் பத்தியோடு மல்லுக்கட்டாமல் இந்த நடுப் பத்தியை முதலில் எழுதுவது நல்லது. தொடக்கத்தைக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம்.

திருத்திய வரைவில் அந்தப் பொறியாளர் எழுதும் வரிகளின் சாரம் இது: “நான் வடிவமைத்த வடிகால், அது தாங்க வேண்டிய மழைக்கும் குறைவான மழையிலேயே நிரம்பியது. வெளியேறும் முனையில் நீர்மட்டம் உயர்ந்திருந்ததே காரணம் என்று மாதிரி அமைத்துக் கண்டேன். தெருவில் வெள்ளம் பரவும் விதத்தைக் கணிக்கத் தேவையான நீரியக்கக் கணக்கீட்டில் எனக்குப் பயிற்சி இல்லை.” மூன்று வாக்கியம்தான். ஆர்வம், உழைப்பு, நேர்மை ஆகிய மூன்றும் தெரிகின்றன, அந்தச் சொற்களில் ஒன்றுகூட இல்லாமலே.

தம் குறையை ஒப்புக்கொண்டால் மதிப்பு குறையுமோ என்று பலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டியதில்லை. எல்லாம் தெரிந்தவருக்கு முதுநிலைப் படிப்பே தேவைப்படாது. ஆனால் குறை துல்லியமாக இருக்க வேண்டும். “ஆழ்ந்த அறிவு பெற விரும்புகிறேன்” என்பது குறையைச் சொல்வதாகாது. எந்த அறிவு, எந்த வேலையில் இல்லாமல் போயிற்று என்று சொல்ல வேண்டும்.

இனி பல்கலைக்கழகத்தைப் பற்றிய பத்தி. பெரும்பாலான விண்ணப்பங்கள் தடுமாறுவது இங்கேதான். பாடத்திட்டத்தைப் படிக்காமல் புகழுரை எழுதிவிடுகிறார்கள். ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் பாடம் ஒவ்வொன்றிலும் என்ன கற்பிக்கப்படும், முன்னதாக என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று விளக்கும் கையேடுகளை வெளியிடுகின்றன. மற்ற நாடுகளிலும் பாட விவரம் பொதுவாகக் கிடைக்கும். நம் பொறியாளர் அதைப் பார்த்து, இரு பரிமாண நீரோட்டக் கணக்கீடு சொல்லித்தரும் ஒரு பாடத்தையும், கணிப்பில் உள்ள நிச்சயமின்மையை அளக்கும் ஒரு பாடத்தையும் தேர்ந்துகொள்கிறார். ஒவ்வொன்றும் தம் வடிகால் வேலையில் எந்த முடிச்சை அவிழ்க்கும் என்று ஒரு வரி சேர்க்கிறார். ஆய்வேடு எழுத வேண்டிய படிப்பானால், பின்வாங்கும் நீரால் நிரம்பும் கரையோர நகரப் பகுதியை ஆராயலாம் என்கிறார். இரண்டு பாடமும் ஓர் ஆய்வுத் தலைப்பும் போதும். ஐந்து பேராசிரியர்களின் பெயரை அடுக்குவதால் பயன் இல்லை. ஆய்வு சார்ந்த படிப்பில் ஒரு பேராசிரியரைக் குறிப்பிடுவது பொருத்தம், அவருடைய கட்டுரை ஒன்றையாவது படித்திருந்தால்.

எதிர்காலத்தைப் பற்றி எழுதும்போது அளவு முக்கியம். “சென்னையின் வெள்ளத்தைத் தீர்ப்பேன்” என்பது தனி ஒருவரின் வேலைத் திட்டம் ஆகாது. “நல்ல நிறுவனத்தில் உயர்ந்த பதவி” என்பது படிப்போடு ஒட்டாது. படிப்பு முடிந்து மூன்று நான்கு ஆண்டுகளில் என்ன மாதிரி அலுவலகத்தில், என்ன வேலையைச் செய்துகொண்டிருப்பார் என்று காட்ட முடிய வேண்டும். நம் பொறியாளரின் பதில்: தாழ்நிலப் பகுதிகளுக்கான வடிகால் திட்டங்களில் வெளியேறும் முனையின் நீர்மட்டத்தைச் சேர்த்துச் சரிபார்க்கும் வெள்ள மாதிரிக் குழுவில் பணி, பின்னர் உள்ளாட்சிப் பொறியாளர்கள் பயன்படுத்தக்கூடிய எளிய சரிபார்ப்பு முறை ஒன்றை உருவாக்குவது. இது அவர் பட்ட சிக்கலிலிருந்து நேராக வருகிறது. அதனால் நம்ப முடிகிறது.

தவறுகளைப் பற்றி ஆராய்ச்சியே உண்டு. அமெரிக்க உளவியலாளர்கள் ட்ரூ ஆப்பிள்பி, காரன் ஆப்பிள்பி இருவரும் உளவியல் மேற்படிப்புச் சேர்க்கைக் குழுத் தலைவர்களிடம் கேட்டு 2006இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நல்ல விண்ணப்பத்தையும் கெடுத்துவிடும் விஷயங்கள் எவை என்பதே கேள்வி. கேடு செய்யும் தன்னுரை, பாதகமான பரிந்துரைக் கடிதம், அந்தப் படிப்பைப் பற்றி அறியாமை, மோசமான எழுத்து, அசத்த நினைத்துத் தவறிப்போகும் முயற்சி என்று பதில்கள் ஐந்து வகையில் அடங்கின. தேவைக்கு மீறிச் சொந்தத் துயரங்களை எழுதுவதும் முதல் வகையில் சேர்ந்தது. அது உளவியல் துறையைப் பற்றிய ஆய்வு. ஆனால் இந்த ஐந்தில் பரிந்துரைக் கடிதம் தவிர மற்ற நான்கும் விண்ணப்பதாரரின் பேனாவிலேயே இருக்கின்றன என்பது எல்லாத் துறைக்கும் பொருந்தும்.

மதிப்பெண் ஒரு பருவத்தில் சரிந்திருந்தால் இரண்டு வாக்கியம் போதும்: என்ன நேர்ந்தது, அதன்பின் எந்தப் பாடத்தில் எப்படி மீண்டார். துறை மாறுகிறவருக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் இடம் தேவை. பழைய துறையின் எந்த வேலை அவரைப் புதிய துறையின் கேள்வியிடம் கொண்டுவந்தது என்பதை அவர் விரித்துச் சொல்லியாக வேண்டும்.

எழுதி முடித்த வரைவைச் சோதிக்க இரண்டு வழிகள் உண்டு. பல்கலைக்கழகத்தின் பெயரை அழித்துவிட்டு வேறு பெயரை எழுதிப் பார்ப்பது ஒன்று. எதுவும் உறுத்தவில்லை என்றால் அந்தப் பத்தி இன்னும் எழுதப்படவில்லை என்று பொருள். எதிர்காலப் பத்தியை மூடிவிட்டு மற்றதை மட்டும் ஒரு நண்பரிடம் படிக்கத் தருவது இன்னொன்று. இவர் அடுத்து என்ன செய்ய விரும்புவார் என்று நண்பரால் ஓரளவு ஊகிக்க முடிந்தால் இணைப்பு சரியாக இருக்கிறது. முடியாவிட்டால் திருத்த வேண்டியது பெரும்பாலும் எதிர்காலப் பத்தி அல்ல, செய்த வேலையைச் சொல்லும் பத்தி. விண்ணப்பிக்க நினைப்பவர்கள் கடைசித் தேதிக்கு ஒரு மாதமாவது முன்னதாக அந்தப் பத்தியிலிருந்து தொடங்குங்கள். வேலையில் கை நின்றுபோன இடம் எது என்று நினைவுபடுத்தி எழுத நேரம் பிடிக்கும்.