குஸ்காவும் கூட்டுப்பெருங்காயமும்

2026 பிப்ரவரி 27, வெள்ளிக்கிழமை. ரமலான் நோன்பு தொடங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை. கத்தோலிக்கர்களுக்கு அது தவக்காலத்து வெள்ளி. பஞ்சாங்கத்தைப் புரட்டினால் ஏகாதசி. அன்று மாலை சென்னையில் ஒருவர் புது வீடு பார்க்க இருபது பேரை அழைத்து, சாப்பாடும் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வருகிறவர்களில் மூன்று மதத்தாரும் உண்டு.

பட்டியல் போடுவது அவ்வளவு சிரமமில்லை. தவக்கால வெள்ளியில் கத்தோலிக்கர்களுக்குச் சுத்தபோசனம். மீனும் முட்டையும் ஆகும், இறைச்சி ஆகாது. ஆகவே எல்லாருக்கும் மரக்கறிச் சமையல் என்று முடிவு செய்துவிட்டால் ஹலால் இறைச்சி எங்கே வாங்குவது என்ற கேள்வியும் சேர்ந்தே போய்விடும். பிரியாணி இல்லையே என்று யாராவது முகம் சுளித்தால், சுளிக்கட்டும்.

இறைச்சி இல்லையென்றால் ஹலால் பற்றிய யோசனையே வேண்டாம் என்பது மட்டும் முழு உண்மையில்லை. பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் மிருகக் கொழுப்போ ஜெலட்டினோ கலக்கவில்லை என்று நம்பலாம். மதுவைப் பற்றி அந்தப் புள்ளி ஒன்றும் சொல்லாது. ரம்மில் ஊறிய உலர்பழம் போட்ட கேக் முட்டையில்லாமலும் கிடைக்கிறது. கேக் வாங்கும் இடத்தில் இதை ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

உண்மையான தகராறு வெளியிலிருந்து வரவழைக்கும் பண்டங்களில்தான். சைவம் சாப்பிடுகிறவருக்கு "குஸ்கா இருக்கே" என்று பரிமாறுவது நம் ஊரில் சகஜம். பெரும்பாலும் அது கறி பிரியாணி அண்டாவில் துண்டை ஒதுக்கிவிட்டு அள்ளிய சோறு. தால்சாவில் கத்திரிக்காயும் மாங்காயும் கண்ணுக்குத் தெரியும். எலும்பு அடியில் கிடக்கும். நோன்புக் கஞ்சியும் அப்படித்தான். பள்ளிவாசலிலிருந்து அன்போடு வரும் கஞ்சியில் பல ஊர்களில் கொத்துக்கறி உண்டு. குழைந்த அரிசியில் அது தெரியவே தெரியாது. கொண்டுவந்தவரிடம் கேட்டால் உடனே சொல்லிவிடுவார், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். கேட்காமல் ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பிறகு தெரியவந்தால்தான் சங்கடம்.

வீட்டிலேயே காய்ச்சுவதானால் இருபது பேருக்கு முக்கால் கிலோ அரிசி நொய், 150 கிராம் பாசிப்பருப்பு, கொஞ்சம் வெந்தயம் போதும். இஞ்சி பூண்டு விழுது, பட்டை, கிராம்பு, தக்காளி, வெங்காயம் வதக்கிச் சேர்த்து, கடைசியில் தேங்காய்ப்பால் ஊற்றி இறக்கினால் கறியில்லாமலே மணக்கும். தொட்டுக்கொள்ள வடை சுடுகிறவர்கள் புது எண்ணெய் வைக்க வேண்டும். முதல்நாள் கோழி பொரித்த எண்ணெயில் சுட்ட வடை சைவமாகாது.

இந்தக் கஞ்சி ஏகாதசிக்காரருக்கு ஆகாது. அரிசியும் பருப்பும் அன்றைக்கு விலக்கு. ஆனால் ஏகாதசி வீட்டுக்கு வீடு வேறு. சில வீடுகளில் சோறு மட்டும் இல்லை, ரவை உப்புமா உண்டு. சிலர் தானியத்தையே தொடமாட்டார்கள். தண்ணீர்கூடக் குடிக்காதவர்களும் இருக்கிறார்கள். எனவே "நீங்க என்ன மதம்" என்பதோ "விரதமா" என்பதோ உதவாது. "அன்னிக்கு என்ன சாப்பிடுவீங்க, என்ன ஆகாது?" என்று இரண்டு நாள் முன்பே போனில் கேட்பதுதான் வழி. தானியம் விலக்குகிறவருக்கு அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, பால், பழம் போதும். கிழங்கைத் தாளித்துக் கொடுக்கலாம் என்று கைபோகும். கடையில் விற்கும் கூட்டுப்பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். டப்பாவின் பின்பக்கத்தில் அச்சிட்டிருப்பார்கள்.

அடுத்தது நேரம். "ஏழு மணிக்கு இலை போடுவோம்" என்று சொன்னால் நோன்பாளிகள் வழியிலேயே நோன்பு திறக்க வேண்டியிருக்கும். அன்று சென்னையில் சூரியன் மறைவது ஆறேகாலை ஒட்டி. ஆறு மணிக்கே வரச் சொல்லி, பேரீச்சம்பழமும் தண்ணீரும் கையெட்டும் இடத்தில் வைத்துவிட வேண்டும். பாங்கு நேரம் ஆனதும் அவர்கள் நோன்பு திறந்து, கஞ்சி குடித்து, மஃரிப் தொழப் போவார்கள். ஒரு அறையில் சுத்தமான விரிப்பு, மேற்குத் திசை எது என்று சொல்ல ஓர் ஆள், இவ்வளவு போதும். திரும்பி வந்ததும் எல்லாருக்குமாக இலை போட ஆறே முக்கால், ஏழு ஆகும். மற்றவர்களும் அதுவரை கஞ்சி குடித்துக்கொண்டிருக்கலாம்.

சீக்கிரமே வந்துவிட்ட ஒரு முஸ்லிம் பெண் ஐந்து மணிக்குக் காபி கேட்டு வாங்கிக் குடித்தால், "நீங்க நோன்பு இல்லையா?" என்று மட்டும் கேட்கக் கூடாது. மாதவிடாய் நாட்களில் பெண்களுக்கு நோன்பு கிடையாது. கூடத்தில் எல்லார் முன்னாலும் அவர் அதற்கு என்ன பதில் சொல்வார்?

பச்சைத் தண்ணீர்கூடத் தொடாதவர் வந்தால் "ஒரு வாயாவது" என்று வற்புறுத்த வேண்டாம். மறுநாள் காலை துவாதசிப் பாரணைக்கு அவர் வீட்டில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் தேடுவார்கள். கிளம்பும்போது வெற்றிலை பாக்கோடு ஒரு கட்டு கீரையும் நான்கு நெல்லிக்காயும் பையில் போட்டுக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்.